பெருவிரலுக்கு முன்னால் வைத்த நாற்காலி

கொக்குவிலான்
மூன்று மாதமாகியும் மறக்க முடியவில்லை. யாழ்ப்பாணத்தில் திருநெல்வேலிப் பக்கம் ஒரு ஜிம். தோளில் பாரத்தோடு குந்தி எழும் ஸ்குவாட்டில் என் முழங்கால் கால்விரலைத் தாண்டுகிறது என்று பயிற்றுநர் என் பெருவிரலுக்கு நேர்முன்னே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை வைத்தார். முழங்கால் அதில் முட்டக்கூடாது. பாரம் 40 கிலோதான். முட்டாமலிருக்க இடுப்பைப் பின்னுக்குத் தள்ளினேன். மார்பு தொடையில் படுமளவுக்கு உடல் மடிந்தது. ஐந்தாவது முறை அடிமுதுகில் சுரீரென்று பிடித்தது. பக்கத்தில் நின்ற கட்டையான தம்பி அதே நாற்காலிக்கு முன்னால் நிமிர்ந்தபடி இறங்கி எழுந்தான். “அவரைப் பாரும்” என்றார் பயிற்றுநர். நான் 183 சென்ரிமீற்றர், கால் முழுக்கத் தொடைதான். அவனைப் போல நான் எப்படி இறங்குவது?

இணுவில் தோட்டம்
தம்பி, எல்லாம் கணுக்கால்தான். எனக்கும் குதிகால் எழும்பிக்கொண்டே இருந்தது. இரண்டு குதிகாலுக்கும் கீழே 2.5 கிலோத் தட்டு வைத்தேன், அன்றே அடிவரை இறங்கினேன். நீரும் கெண்டைக்காலை இழுத்துவிடும். சுவரில் கைவைத்து, ஒரு காலைப் பின்னுக்கு நீட்டி, குதிகால் நிலத்தில் அழுந்த, காலை இரண்டு நிமிடம், மாலை இரண்டு நிமிடம். முழங்காலை மடித்தும் ஒருமுறை செய்யும். உள்ளேயிருக்கும் தசை அப்போதுதான் இழுபடும். செருப்போடு செய்யாதீர். எங்கள் அம்மம்மா நாள் முழுக்கக் குந்தியிருந்து வெங்காயம் நட்டவர். தொடை நீளத்தைப் பற்றி அன்று யார் பேசினார்கள்? பழக்கம் இருந்தால் எவருக்கும் வரும்.

சுண்டிக்குளி பிசியோ
அண்ணா, தட்டு வைத்ததும் இறங்கினீர்களென்றால் உங்களைத் தடுத்தது கணுக்கால். அது உங்கள் கதை. எல்லோருக்கும் அதுவே என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

மோட்டார் சைக்கிள் விபத்தில் வலது கணுக்கால் முறிந்த ஒருவர் என்னிடம் வந்தார். சுவருக்கு முன்னே பாதத்தை வைத்து, குதிகால் எழும்பாமல் முழங்காலால் சுவரைத் தொடச் சொன்னேன். பெருவிரலுக்கும் சுவருக்கும் இடையே இடது காலில் 11 சென்ரிமீற்றர், வலதில் 4. ஆறு வாரம் கெண்டைக்காலை இழுத்தும் 4 அப்படியே நின்றது. “எங்கே பிடிக்கிறது?” என்று கேட்டபோது கணுக்காலின் முன்பக்கத்தைத் தொட்டுக் காட்டினார். அந்த விரல் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. பின்னால் இழுத்தால் தசை. முன்னால் நெரித்தால் மூட்டே முட்டுகிறது. நான் அதை முதல் நாளே கேட்டிருக்க வேண்டும்.

பிறகு நாலு காலில் நிற்பதுபோல் நிறுத்தி, இடுப்பைக் குதிகாலை நோக்கிப் பின்னே தள்ளச் சொன்னேன். முழங்கால்கள் நெருங்கியிருந்தபோது பாதி வழியிலேயே அடிமுதுகு வளைந்தது. அகட்டியதும் தாராளமாகப் போனார். தொடை எலும்பின் கழுத்து இடுப்புக் குழியின் விளிம்பை எங்கே சந்திக்கிறது என்பது ஆளுக்கு ஆள் வேறு. அதை எந்த இழுப்பும் மாற்றாது. பாதத்தை அகட்டி, விரல்களை வெளியே திருப்பி, குதிகாலை இரண்டு சென்ரிமீற்றர் உயர்த்தியதும் வலியில்லாமல் இறங்கினார்.

கொக்குவில் தம்பி, பாரமும் உடலும் சேர்ந்த நிறை நடுப்பாதத்துக்கு மேலே நிற்க வேண்டும்; இல்லாவிட்டால் விழுவோம். நீளத் தொடைக்காரரின் இடுப்பு தூரப் பின்னே போகும். அதை ஈடுகட்ட முழங்கால் முன்னே வரவேண்டும், அல்லது முதுகு மடிய வேண்டும். நாற்காலி முதலாவது வழியை அடைத்துவிட்டது. 2003இல் ஃப்ரை, ஸ்மித், ஷில்லிங் மூவரும் ஏழு ஆண்களின் முழங்காலுக்கு முன்னே பலகை வைத்து அளந்தார்கள். முழங்கால் மூட்டில் திருகுவிசை நூற்றுக்கு 22 அளவு குறைந்தது. இடுப்பில் பத்து மடங்குக்கு மேல் கூடியது. கால்களை அகட்டினால், பக்கத்திலிருந்து பார்க்கும்போது தொடையின் நீளம் குறுகிவிடும்; இடுப்பு அவ்வளவு பின்னே போகாது. முதலில் அதைச் செய்து பாரும்.

மானிப்பாய் மகள்
அம்மாவுக்கு 68 வயது. கழிப்பறையில் குந்தி எழும்போது முழங்கால் வலிக்கிறது. விரலைத் தாண்டாமல் குந்தச் சொல்லட்டுமா? போன வாரம் கதவுப் பிடியைப் பிடித்தபடி எழ முடியாமல் என்னைக் கூப்பிட்டார்.

சுண்டிக்குளி பிசியோ
தங்கச்சி, அது வேறு விஷயம். விரலைப் பார்க்க வேண்டாம். பிடித்து எழக் கைப்பிடி போடுங்கள், முழங்காலை நேரில் காட்டுங்கள்.

கொக்குவிலான்
சுவரில் அளந்தேன்: இரு காலிலும் 12. ஆகவே கணுக்கால் இல்லை, இணுவில் அண்ணா. நாலு காலில் பின்னே தள்ளியபோது நெருக்கத்தில் முதுகு சட்டென்று வளைந்தது. இப்போது தோளகலத்தை விட ஒரு பாதம் அகட்டி நிற்கிறேன். முழங்கால் விரலை இன்னும் நான்கு விரலளவு தாண்டுகிறது, முதுகு பிடிக்கவில்லை. ஆனால் 60 கிலோவில் முழங்காற்சில்லுக்குக் கீழே மந்தமான வலி.

இணுவில் தோட்டம்
அதைத்தானே பயிற்றுநர் பயந்தார்?

சுண்டிக்குளி பிசியோ
பயம் முழுக்கப் பிழை என்று நான் சொல்லவில்லை, அண்ணா. முழங்கால் முன்னே போகப் போக அதன் சுமை கூடத்தான் செய்யும். தம்பி, 40க்கு இறங்கும், மெதுவாக ஏற்றும். மறுநாள் காலை படியிறங்கும்போதும் வலித்தால் எழுதும்.

கொக்குவிலான்
சரி அக்கா. நேற்று ஜிம்மில் அந்த நாற்காலி இன்னொரு நெடிய பையனுக்கு முன்னால் இருந்தது.