mytax.hasil.gov.my என்றுதான் இருக்கிறது, ஆனாலும் சந்தேகமாக இருக்கிறது. இது அசல்தானா?

செந்தூல்_கவின்
பினாங்கில் இருக்கும் அம்மாவுக்கு வாட்ஸாப்பில் ஒரு செய்தி வந்திருக்கிறது. வரிப் பணம் திரும்பத் தர வேண்டியிருக்கிறதாம், லிங்க்கை அழுத்தி உறுதிசெய்ய வேண்டுமாம். அம்மா எதையும் நிரப்பவில்லை, எனக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறார். திறந்து பார்த்தேன். வரி வாரியமான ஹாசிலின் சின்னம், நிறம் எல்லாம் அப்படியே இருக்கிறது. ஆனால் அடையாள அட்டை எண்ணைக் கேட்காமல், நேராகப் பேங்க் சின்னங்களை வரிசையாகக் காட்டி ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. முகவரி கீழே. யாரும் தெரியாமல் அழுத்திவிடக் கூடாது என்று கடைசிப் புள்ளிக்குப் பின்னால் இருந்ததை மட்டும் example என்று மாற்றியிருக்கிறேன். மற்றதெல்லாம் வந்தபடியே.

```
https://mytax.hasil.gov.my-refund.example/login
```

ராகு_கிள்ளான்
gov.my இருக்கிறதே தம்பி, அப்புறம் என்ன? அதை அரசாங்கம் தவிர யாரும் வாங்க முடியாது. பூட்டுப் படமும் இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை.

தங்கையா
மைடாக்ஸ் எனக்கும் போன வாரம் சரியாகத் திறக்கவில்லை. குரோமில் பழைய தரவை அழித்துவிட்டு மறுபடி முயலுங்கள். இரவு பத்து மணிக்கு மேல் வேகமாக இருக்கும்.

செந்தூல்_கவின்
திறக்கிறது அண்ணே, அதுதான் பிரச்சினையே. அசலா போலியா என்பதுதான் கேள்வி.

ஜெலுத்தோங்_மாறன்
போலி. ராகு அண்ணன் சொன்னதில் பாதி சரி. gov.my-இல் முடியும் பெயரை அரசாங்க அமைப்புகள் மட்டும்தான் பதிய முடியும். ஆனால் இந்த முகவரி gov.my-இல் முடியவில்லை. நடுவில் வருகிறது, அவ்வளவுதான்.

வெப் முகவரியை நாம் இடமிருந்து வலமாகப் படிக்கிறோம், ஆனால் அதன் உரிமையாளர் வலது கோடியில் இருக்கிறார். முதலில் `https://` என்பதைத் தாண்டுங்கள். அடுத்து வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டைத் தேடுங்கள், இங்கே login-க்கு முன்னால் இருப்பது. அங்கே விரலை வைத்து, அதிலிருந்து இடப்பக்கமாகப் புள்ளி புள்ளியாக வாருங்கள். முதலில் `example`. அடுத்த புள்ளி வரை `my-refund`. ஆக இந்தத் தளத்தின் பெயர் `my-refund.example`. அதற்கு இடப்பக்கம் இருக்கும் mytax, hasil, gov எல்லாம் அந்தப் பெயரை வாங்கியவன் தன் இஷ்டத்துக்கு ஒட்டிக்கொண்டவை. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை, காசும் இல்லை.

சூது அந்தச் சிறு கோட்டில்தான். my-க்குப் பிறகு சாய்கோடு வந்திருந்தால் முகவரி அங்கேயே முடிந்திருக்கும். ஹைபன் வந்ததால் my என்பது அடுத்த சொல்லோடு ஒட்டி ஒரே துண்டாகிவிட்டது. வாட்ஸாப்பில் நீள லிங்க் இரண்டு வரியாக உடையும் இல்லையா? அம்மா போனில் முதல் வரி `mytax.hasil.gov.my-` என்று முடிந்திருந்தாலும் ஆச்சரியமில்லை. இடம் போதாமல் சொல்லை உடைத்துக் கோடு போட்டதைப் போல் இருக்கும், கண் கீழ்வரிக்குப் போகவே போகாது.

பூட்டைப் பற்றி: போகிற வழியில் தகவலை யாரும் படிக்க முடியாது என்றுதான் அதற்குப் பொருள். போய்ச் சேரும் இடம் யாருடையது என்று அது சொல்லாது. பூட்டு வருவதற்கான சான்றிதழ் இலவசமாகவே கிடைக்கிறது, போலித் தளக்காரனும் வாங்கிவைத்திருப்பான். ஜனங்கள் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள் என்றுதான் குரோம் 2023-இல் அந்தப் படத்தையே எடுத்துவிட்டது.

செந்தூல்_கவின்
அம்மாவிடம் படம்பிடித்து அனுப்பச் சொன்னேன். நீங்கள் சொன்ன இடத்தில்தான் வரி உடைந்திருக்கிறது! அப்படியானால் கடைசி இரண்டு துண்டைப் பார்த்தால் போதும், சரியா? `ez.hasil.gov.my` என்று ஒன்றும் அம்மாவின் பழைய குறிப்பில் இருக்கிறது, அதுவும் போலியா?

ஜெலுத்தோங்_மாறன்
இரண்டு துண்டு என்பது .com போன்றவற்றுக்குச் சரி. நம் ஊரில் gov.my, com.my, edu.my என்று வால் இரண்டு துண்டாக இருக்கும். அதனால் மூன்றாவதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ez-ஐப் பிரித்தால் my, gov, hasil. வலது பக்கம் ஒத்துப்போகிறது, ஆகவே அது ஹாசிலுடையதுதான். முன்னால் ez இருந்தாலும் mytax இருந்தாலும் கவலையில்லை.

ஆனால் `hasil-gov.my` என்று ஒன்று வந்தால் நம்பாதீர்கள். .my-இல்தான் முடிகிறது, ஆனால் அது வெறும் .my, அதைப் பதிய அரசாங்க அமைப்பாக இருக்க வேண்டியதில்லை. புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் கோடு.

இன்னொன்று, முகவரி பார்க்காமலேயே சந்தேகப்பட வேண்டிய விஷயம். வரிப் பணம் திரும்ப வருவதாக இருந்தால், நாம் பாரத்தில் கொடுத்த பேங்க் கணக்குக்கு நேராக வந்துவிடும். பணம் வாங்கிக்கொள்ள யாரும் தன் பேங்க் பாஸ்வேர்டைத் தட்ட வேண்டியதில்லை.

செல்வி_புக்கிட்மெர்தாஜாம்
எனக்கு நடந்தது வேறு மாதிரி. தீபாவளிக்குச் சேலை வாங்கப் போய், தேடலில் முதலில் வந்ததை அழுத்தினேன். கடைப் பெயருக்குப் பின்னால் ஓர் s கூடுதல். வலமிருந்து படித்தாலும் அது ஒழுங்கான .com தானே? சேலையும் வரவில்லை, காசும் வரவில்லை. இதற்கு உங்கள் முறை உதவுமா?

ஜெலுத்தோங்_மாறன்
பாதி உதவும் அக்கா. எந்தத் துண்டைப் பார்க்க வேண்டும் என்று அது காட்டும், அந்தத் துண்டை எழுத்தெழுத்தாகப் படிப்பது நம் வேலை. அரசாங்க முகவரியில் வால் சரியாக .gov.my என்று முடிந்தால் இந்த எழுத்து விளையாட்டுக்குப் பெரும்பாலும் இடமில்லை, வெளியாள் அங்கே பெயர் வாங்க முடியாது. .com-இல் யாரும் எதையும் வாங்கலாம். போனில் சின்ன எழுத்தில் r-உம் n-உம் சேர்ந்தால் m போலவே தெரியும். லிங்க்கைத் திறக்காமல் அழுத்திப் பிடித்து நகல் எடுத்து, குறிப்புச் செயலியில் ஒட்டி எழுத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

ராகு_கிள்ளான்
ரஷ்ய எழுத்தில் a போட்டு ஏமாற்றுவார்களாமே? அதைப் பெரிதாக்கினாலும் தெரியாதே.

ஜெலுத்தோங்_மாறன்
உண்மை. 2017-இல் ஒருவர் apple என்ற பகுதியை முழுக்க ரஷ்ய வகை எழுத்துகளாலேயே எழுதி, apple.com போலத் தெரியும் முகவரி ஒன்றைச் செய்து காட்டினார். குரோம் அந்த ஆண்டே சரிசெய்தது. இப்போது அந்த மாதிரிப் பெயர்கள் பெரும்பாலும் `xn--` என்று தொடங்கி அசிங்கமாகத் தெரியும். அதற்காக xn-- என்றாலே போலி என்று முடிவுகட்டாதீர்கள். .சிங்கப்பூர், .இலங்கை என்று தமிழில் முடியும் முகவரிகளும் உள்ளே அப்படித்தான் எழுதப்படுகின்றன.

செல்வி_புக்கிட்மெர்தாஜாம்
சரி, sites.google.com என்று தொடங்கும் கடைகள்? கூகுள் பெயரே இருக்கிறதே.

ஜெலுத்தோங்_மாறன்
அங்கே முகவரி கைகொடுக்காது. இடம் கூகுளுடையது, பக்கம் யாருடையதாகவும் இருக்கலாம். அந்த மாதிரிக் கடையை எப்படிச் சோதிப்பது என்று உறுதியான வழி எனக்குத் தெரிந்து இல்லை. நான் அங்கே காசு கட்டுவதில்லை.

தங்கையா
இப்போதுதான் முழுசாகப் படித்தேன். என் மச்சானும் நேற்றிரவு இதே மாதிரி ஒன்றில் பேங்க் பெயரும் பாஸ்வேர்டும் போட்டிருக்கிறார். இன்னும் பணம் போகவில்லை. பாஸ்வேர்டை மாற்றினால் போதுமா?

ஜெலுத்தோங்_மாறன்
போதாது அண்ணே. அவர் தன் பேங்க் அட்டையின் பின்புறம் இருக்கும் எண்ணுக்கு இப்போதே அழைத்து, ஆன்லைன் கணக்கை முடக்கச் சொல்லட்டும். பணம் போயிருந்தால் மோசடிப் புகார் எண்ணான 997-க்கும் உடனே. அந்தச் செய்தியில் இருக்கும் எண்ணுக்கு மட்டும் அழைக்க வேண்டாம்.