பணம் கட்டுனவங்களுக்கே கார்ட் ரிமைண்டர் ரெண்டு தடவ போகுது, உதவி வேணும்

சுங்குடிக்கடை: அக்காவோட சேலை கடை வெப்சைட்ட நான்தான் பாத்துக்கிறேன், PHP, MySQL. கார்ட்ல போட்டுட்டு வாங்காம போறவங்களுக்கு 1 மணி நேரம் கழிச்சு ஒரு வாட்ஸ்அப், மறுநாள் ஒண்ணு, அவ்ளோதான் போகணும். 5 நிமிஷத்துக்கு ஒரு தடவ க்ரான் ஓடுது. நேத்து ஒரு அம்மா போன் பண்ணி "காசு கட்டிட்டேன்பா, அப்புறமும் ரெண்டு மெசேஜ் வருது, பணம் வந்துச்சா இல்லையா"ன்னு பதறிட்டாங்க, எனக்கு ரொம்ப சங்கடமா போச்சு. லாக்ல அவங்க கார்ட்டுக்கு 18:09:48க்கு ஒண்ணு, 18:10:03க்கு ஒண்ணு. யூபிஐல கட்டுனது 18:07, ஆனா நம்ம சர்வருக்கு தகவல் வந்தது 18:12.

மாடிவீடு: எங்க கடையிலயும் பாதி பேர் கார்ட்லயே விட்டுட்டு போனாங்க, டெலிவரி சார்ஜ முதல்லயே காட்டுங்க, சரியாயிடும்.

சுங்குடிக்கடை: அது இல்லண்ணே, மெசேஜ் ரெண்டா போறதுதான் பிரச்சனை.

ராத்திரிஷிப்ட்: 18:05க்கு ஆரம்பிச்ச ரன் முடியறதுக்குள்ள 18:10 ரன் கிளம்பிடுச்சு. க்ரான்ல `flock` போடுங்க, முடிஞ்சது.

பழையகோடு: அவர் சொல்ற காரணம் கரெக்ட், ஆனா `flock` மட்டும் பத்தாது. மெசேஜ் போனதுக்கப்புறம் பதிவு பண்றதுக்குள்ள ஸ்க்ரிப்ட் செத்துப்போனா அடுத்த ரன் திரும்ப அனுப்பும். முதல்ல பதிவு, அப்புறம் மெசேஜ். டேபிள்ல ஏற்கனவே ரெண்டா பதிவான ரோ இருந்தா ஒண்ண அழிச்சுட்டு இத ஓட்டுங்க, இல்லன்னா `ALTER` எரர் அடிக்கும்:

```sql
ALTER TABLE reminder_log ADD UNIQUE (cart_id, step);
INSERT IGNORE INTO reminder_log (cart_id, step) VALUES (?, ?);
```

இதுல 1 ரோ சேர்ந்தா மட்டும் அனுப்புங்க, 0ன்னா வேற ரன் எடுத்துடுச்சுன்னு அர்த்தம். எப்பவாச்சும் ஒருத்தருக்கு மெசேஜ் போகாம விட்டுப்போகலாம், ரெண்டு போறதுக்கு அது எவ்வளவோ மேல்.

பணம் கட்டுன விஷயம் வேற. லிஸ்ட் எடுக்கும்போது பாத்தா போதாது, ஒவ்வொரு மெசேஜுக்கும் முன்னாடி, அந்த `INSERT`டுக்கும் முன்னாடியே பாக்கணும், அதுவும் 'பெய்டு' மட்டும் இல்ல, பேமெண்ட் பட்டன அழுத்தி இன்னும் பதில் வராம நிக்குற ஆர்டர் இருந்தாலும் அரை மணி நேரம் தள்ளிப் போடுங்க. அந்த அம்மா கேஸ்ல அது இருந்திருந்தா ஒண்ணுகூட போயிருக்காது. அது சரி, நம்பர் எங்கேர்ந்து எடுக்குறீங்க?

சுங்குடிக்கடை: டெலிவரி அட்ரஸ்ல போடுறதுதான்.

பழையகோடு: அது பார்சலுக்காக குடுத்த நம்பர்ப்பா, விளம்பரத்துக்கு இல்ல. வாட்ஸ்அப்பே கார்ட் ரிமைண்டர மார்க்கெட்டிங் டெம்ப்ளேட்லதான் வைக்குது. தனியா ஒரு டிக் பாக்ஸ் வைங்க, நீங்களே டிக் பண்ணி வைக்காதீங்க, எப்ப சம்மதிச்சாங்க, என்ன வாசகம் பாத்து சம்மதிச்சாங்கன்னு ரெண்டையும் சேவ் பண்ணுங்க. 'வேண்டாம்'னு பதில் வந்தா அந்த கார்ட்ட மட்டும் இல்ல, நம்பரையே நிறுத்தணும், மறுநாள் மெசேஜுக்கு முன்னாடியும் அத செக் பண்ணணும்.

சுங்குடிக்கடை: போட்டுட்டேன், ரெண்டு நாளா டபுள் இல்ல. ஆனா ஒருத்தங்க போன்ல ஒரு கார்ட், லேப்டாப்ல ஒரு கார்ட் வச்சிருக்காங்க, ஐடி வேற வேற, ரெண்டுக்கும் போயிடுச்சு.

பழையகோடு: அப்ப நம்பருக்கும் ஒரு வரம்பு வேணும், நான் 7 நாளைக்கு ஒரு கார்ட்டுக்குத்தான் விடுவேன்.

ராத்திரிஷிப்ட்: 7 நாள் ரொம்ப அதிகம், தீபாவளி வாரத்துல ஒரே ஆள் நெஜமாவே ரெண்டு தடவ வாங்குவாங்க.

சுங்குடிக்கடை: இப்போதைக்கு 3 நாள் வச்சு பாக்குறேன். டிக் பாக்ஸுக்கு முன்னாடி வாங்குன பழைய நம்பர் எல்லாத்தையும் லிஸ்ட்லேர்ந்து எடுத்துட்டேன், அக்காவுக்கு இன்னும் மனசு ஆறல.