பொருள்: பாடத்தில் வரும் ‘கோட் பிளாக்’ – தமிழில் எப்படிச் சொல்வது?

கயல்விழி எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம்.

தொடக்கநிலைப் பைத்தான் பாடம் ஒன்றைத் திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறேன். பழைய பாடம் சொற்செயலியில் தட்டச்சானது. நிரலும் விளக்கமும் ஒரே எழுத்துருவில் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. சில வரிகள் டேப் விசையால் தள்ளப்பட்டவை, சில ஸ்பேஸ் விசையால். எந்த வரி எதற்கு உட்பட்டது என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியவில்லை. சராசரி காணும் பாடத்தைப் படித்த மாணவர் ஒருவர் இப்படித் தட்டச்சு செய்து அனுப்பினார்:

```python
def average(marks):
    total = 0
    for m in marks:
        total = total + m
        return total / len(marks)

print(average([60, 70, 80]))
```

வர வேண்டிய விடை 70.0. வருவது 20.0. `return` சுழலுக்குள் விழுந்துவிட்டதால், முதல் சுற்றிலேயே 60-ஐ 3-ஆல் வகுத்துக்கொண்டு வெளியேறிவிடுகிறது. பிழைச்செய்தி வந்திருந்தாலாவது மாணவர் சந்தேகப்பட்டிருப்பார், அதுவும் வராது.

எனவே புதிய வடிவில் நிரலைத் தனியே, சம அகல எழுத்துருவில், ஒரு படிக்கு நான்கு ஸ்பேஸ் என்ற கணக்கில் வைக்கிறேன். விளக்கம் அதன் கீழே வரும். சிக்கல் சொல்லில்தான். பக்கத்தில் தனித்துத் தெரியும் அந்த இடத்தை ‘நிரல் தொகுதி’ என்று எழுதினேன். `for` வரிக்குக் கீழே உள்தள்ளி நிற்பதற்கும் ‘தொகுதி’ என்றே பெயர். சரியாக எழுதிய நிரலின் கீழே “இத்தொகுதியின் கடைசி வரியைப் பாருங்கள்” என்று எழுதினால் ஒருவர் `total = total + m` வரியைப் பார்ப்பார், மற்றொருவர் `print` வரியைப் பார்ப்பார். முதலாவதற்கு வேறு சொல் வேண்டும். ‘நிரற்பாத்தி’ எப்படி இருக்கிறது?

பிரபு எழுதியது:

சொல் எதுவானாலும் சரி, சம அகல எழுத்துருவுக்கு மாற்றினாலே உள்தள்ளல் சிக்கல் முடிந்துவிடும். எழுத்துகள் நெடுவரிசையில் நின்றுவிட்டால் பிழைக்கு இடமேது? பெயரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். எனக்கு ‘நிரல்பெட்டி’ பிடித்திருக்கிறது.

மாணிக்கம் எழுதியது:

பிரபு சொல்வதில் பாதி சரி. கயல்விழியின் மாணவர் செய்த தவறு, பார்த்துத் தட்டச்சு செய்யும்போது நேர்வது. சாதாரண எழுத்துருவில் ஸ்பேஸ் ஒடுங்கியிருக்கும். நான்கு ஸ்பேஸுக்கும் எட்டு ஸ்பேஸுக்கும் உள்ள வேறுபாடு ஒரு மயிரிழைதான். சம அகல எழுத்துரு அதைச் சரிசெய்துவிடும்.

ஆனால் நகலெடுத்து ஒட்டுபவரின் சிக்கல் வேறு. எடிட்டருக்குப் போய்ச் சேர்வது எழுத்துருவன்று, குறியீடுகள். டேப்பையும் ஸ்பேஸையும் முரணாகக் கலந்திருந்தால் பைத்தான் 3 `TabError` காட்டி நின்றுவிடும். சொற்செயலியிலிருந்தோ வலைப்பக்கத்திலிருந்தோ வரும் பிரிபடா ஸ்பேஸ் இன்னும் மோசம். சம அகல எழுத்துருவில் அது சாதாரண ஸ்பேஸைப் போலவே நிற்கும். ஓட்டினால்தான் தெரியும்:

```
SyntaxError: invalid non-printable character U+00A0
```

நேர் மேற்கோள் குறிகளைச் சொற்செயலி வளைந்த குறிகளாக மாற்றிவிடுவதும் இதே வகை. ஆகவே பழைய கோப்பிலிருந்து நிரலை வெட்டி ஒட்டாதீர்கள். எளிய உரைத்திருத்தியில் புதிதாக எழுதி, ஓட்டிப் பார்த்து, அங்கிருந்து பாடத்துக்குள் கொண்டுவாருங்கள்.

சொல்லைப் பற்றி: ‘பாத்தி’ நல்ல தேர்வு. வரப்புக்குள் அடங்கிய இடம், உள்ளே வரிசை வரிசையாக நடவு. புணர்ச்சியும் சரி. ‘நிரல் தொகுதி’ என்பதை இலக்கணப்படி சேர்த்தால் ‘நிரற்றொகுதி’ என்றாகும். எவரும் அப்படி எழுதப்போவதில்லை.

சிவகாமி எழுதியது:

வணக்கம். நான் பள்ளியில் கணினி ஆசிரியை. பாத்தி பிரிப்பது பற்றிப் பேசுவதால் கேட்கிறேன்: நிரலை எத்தனை வரிக்கு ஒருமுறை பிரிக்க வேண்டும்? எங்கள் பாடக்குறிப்பு அச்சில்தான் போகிறது. நீளமான நிரல் பக்கத்தின் அடியில் உடைந்து, மீதி அடுத்த பக்கத்தின் உச்சியில் வரும். மேலே `for` எங்கே நின்றது என்று பார்க்க முடியாததால், பிள்ளைகள் அடுத்த பக்க வரிகளை இடது ஓரத்திலிருந்து தொடங்கிவிடுகிறார்கள்.

இன்னொன்று. ஒவ்வொரு வரியின் வலப்பக்கத்திலும் தமிழில் குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன். அவை நேராக நிற்கவே மாட்டேன் என்கின்றன. எழுத்துருவை மாற்றியும் பார்த்துவிட்டேன்.

மாணிக்கம் எழுதியது:

அம்மா, நாங்கள் பேசுவது பெயரைப் பற்றி. இருந்தாலும் உங்கள் இரண்டாவது கேள்வி இந்த மடலுக்கே உரியது.

```python
total = 0          # தொடக்கம்
total = total + m  # கூட்டு
```

இதில் `#` இரண்டும் நேராக நிற்கும், ஏனெனில் அதற்கு முன்னால் இருப்பவை எல்லாம் ஆங்கில எழுத்துகளும் ஸ்பேஸும். தமிழ் எழுத்து இடையில் வந்துவிட்டால் அந்த ஒழுங்கு போய்விடும். நிரலுக்கான எழுத்துருக்கள் பலவற்றில் தமிழே இல்லை, அதனால் உலாவி வேறொரு தமிழ் எழுத்துருவை எடுத்துப் போடுகிறது. அதில் ‘ர’ ஒடுக்கம், ‘ணை’ அகலம். எண்ணிக்கையும் உதவாது. `len("தமிழ்")` தருவது 5, நம் கண்ணுக்குத் தெரிவது மூன்று எழுத்து. ஸ்பேஸ் சேர்த்து நேராக்கப் பார்ப்பது வீண்வேலை. தமிழ் விளக்கத்தை நிரலிலிருந்து எடுத்துக் கீழே கொண்டுபோய்விடுங்கள்.

இதே காரணத்தால் ‘சம அகல எழுத்துரு’ என்ற பெயரும் எனக்கு உறுத்துகிறது. தமிழ் எழுத்து கலந்தால் அகலம் சமமாக இருப்பதில்லையே. ஆனாலும் மாற்றுச் சொல் என்னிடம் இல்லை.

பிரபு எழுதியது:

அகலம் எழுத்துருவின் பண்பு, அதற்குள் தமிழ் இல்லாதது எழுத்துருவின் குற்றமில்லை. அந்தச் சொல் அப்படியே இருக்கட்டும். ‘நிரற்பாத்தி’ தான் எனக்குச் சிக்கல். பாதிப் பேர் ‘நிரல்பாத்தி’ என்று எழுதுவார்கள். ஒன்றைத் தேடினால் மற்றது அகப்படாது. ‘நிரல்பெட்டி’ என்றால் குழந்தைக்கும் புரியும்.

விளக்கம் பின்னால் வருவதிலும் எனக்கு உடன்பாடில்லை. என்ன செய்யப் போகிறோம் என்று தெரியாமல் ஏழு வரி நிரலை யார் படிப்பார்கள்?

கயல்விழி எழுதியது:

பெட்டி என்றால் திரையில் தட்டச்சு செய்யும் உள்ளீட்டுப் பெட்டியும் நினைவுக்கு வருகிறது. `input()` பாடத்தில் குழப்பம் வரும். தேடல் பற்றிப் பிரபு சொல்வது நியாயம். சொல்லடைவில் இரண்டு வடிவத்தையும் கொடுத்துவிடுகிறேன்.

விளக்கம் குறித்து: நிரலுக்கு முன்னால் ஒரே ஒரு வாக்கியம், “மதிப்பெண்களின் சராசரியைக் காணும் செயற்கூறு” என்பது போல. காரணங்கள் எல்லாம் பின்னால். அங்கே வரி எண்ணைக் குறிப்பிடாமல் வரியையே குறிப்பிடுகிறேன், ஏனெனில் இடையில் ஒரு வரி சேர்த்தால் எண்கள் எல்லாம் மாறிவிடும். சராசரிப் பாடத்தின் கீழே இப்படி எழுதியிருக்கிறேன்:

“`return` வரி `for` வரிக்கு நேர்கீழே நிற்கிறது. அதனால் சுழல் முடிந்த பிறகே அது இயங்கும். நான்கு ஸ்பேஸ் வலப்பக்கம் தள்ளி ஓட்டிப் பாருங்கள், விடை 20.0 என்று மாறும்.”

சிவகாமி அம்மாவுக்கு: இத்தனை வரி என்று கணக்கு வைக்கவில்லை. ஒரு செயற்கூறு ஒரு பாத்தி. அச்சுக்குப் போகும்போது அது பக்கத்தின் நடுவே உடையாதபடி முழுதாக அடுத்த பக்கத்துக்குத் தள்ளிவிடலாம். வலைப்பக்கத்திலிருந்து அச்சிட்டால் `pre` பகுதிக்கு `break-inside: avoid` போதும்.

சிவகாமி எழுதியது:

நன்றி. ஒரு பக்கத்துக்கே அடங்காத செயற்கூறு வந்தால்?

மாணிக்கம் எழுதியது:

அம்மா, அப்போது திருத்த வேண்டியது நிரலை. அதை இரண்டு செயற்கூறாகப் பிரியுங்கள்.

‘பாத்தி’க்கு நான் சம்மதம். பிரபு இன்னும் இசையவில்லை என்பதையும் சொல்லடைவில் குறித்துவிடுங்கள்.