பேஜிங் கணக்குல வீணாகுறது 2 கேபியா 6 கேபியா?

ரங்கூன் தமிழ்ப் பசங்க குரூப்ல கம்ப்யூட்டர் படிச்ச அண்ணன், அக்கா யாராச்சும் இருந்தா கொஞ்சம் பாருங்க. ஒரு புரோகிராம், கோடு 13 கேபி, டேட்டா 6, ஸ்டாக் 3, மொத்தம் 22. மெமரில காலியா இருக்கறது 12, 9, 7னு மூணு ஓட்டை, கூட்டுனா 28. செக்மென்டேஷன்ல டேட்டாவும் ஸ்டாக்கும் உக்காந்துடும், ஆனா கோடு ஒரே துண்டா தொடர்ச்சியா இருக்கணும்ல, பெரிய ஓட்டையே 12தான், அதனால 28 காலியா இருந்தும் 22 ஏறாது. இதுதான் எக்ஸ்டர்னல் ஃப்ராக்மென்டேஷன், காம்பேக்‌ஷன் பண்ணி எல்லாத்தையும் ஒரு பக்கம் தள்ளுனாதான் வழி, அதுக்கு ஓடிட்டிருக்கற புரோகிராமையெல்லாம் காப்பி பண்ணணும். இது வரைக்கும் சரி.

இப்ப அதே 28 கேபி, 4 கேபி ஃப்ரேமா 7 அங்கங்க சிதறிக் கிடக்குதுனு வைங்க. பேஜிங்ல எங்க இருந்தாலும் பரவால்ல. 22ஐ ஒரே நீளமா வெட்டுனா 6 பேஜ், கடைசில 2 கேபி வீண். ஆனா கோடுக்கு ரீட் ஒன்லி, ஸ்டாக்குக்கு எழுதுற பர்மிஷன், பர்மிஷன் பேஜுக்குதானே போடுறாங்க, அப்ப தனித்தனியா வெட்டணும்: 4, 2, 1. ஏழு ஃப்ரேமும் தீந்துடும், உள்ளுக்குள்ள 3, 2, 1னு 6 கேபி வீண். நான் 6தான்னு சொல்றேன், கூடப் படிக்கறவன் 2ங்கறான். பரீட்சைல எத எழுதறது?

இன்னொண்ணு, பேஜ 1 கேபி ஆக்குனா வீணே இல்ல, ஆனா பேஜ் டேபிள்ல 7க்கு பதிலா 22 என்ட்ரி. அந்த டேபிள் சைஸையும் நஷ்டத்துல சேக்கணுமா?