பழைய டைல்ஸ் மேலேயே புது டைல்ஸ்: கதவை அறுத்தால் போதுமா?

ஜன்னலோரம்: ஹால், ஒரு படுக்கையறை இரண்டிலும் வழவழப்பான பழைய டைல்ஸ். உடைக்காமல் மேலேயே புதுசு ஒட்ட நினைக்கிறேன். புது டைல் 9 மி.மீ. தடிமன். படுக்கையறைக் கதவு உள்பக்கம் திறக்கும், மூடினால் அடியில் 6 மி.மீ. சந்து. கதவை அறுத்தால் போதுமா? ஒட்டு நிற்குமா?

பழையவீடு: தாராளமா நிற்கும். உளியால் அங்கங்கே கொத்திவிட்டு, சிமெண்ட் பால் ஊற்றிப் பதிக்கச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான் செய்தோம், ஆறு வருஷமாக ஒன்றும் ஆகவில்லை. தனிப் பசையெல்லாம் வீண் செலவு.

கரண்டிப்பிடி: உங்கள் வீட்டில் அடியில் இருந்தது என்ன தரை?

பழையவீடு: சிமெண்ட் தரைதான், பளபளப்பு போனது. ஏன்?

கரண்டிப்பிடி: அங்கேதான் வித்தியாசம். சிமெண்ட் தரை ஈரத்தை உறிஞ்சும், அதனால் சிமெண்ட் பால் அதற்குள் இறங்கிப் பிடிக்கும். வழவழப்பான டைல் உறிஞ்சாது. அதன் மேல் சிமெண்ட் பால் காய்ந்து ஒரு தகடு மாதிரி நிற்கும், கொஞ்ச நாளில் டைல் தனியாகக் கழன்று வரும். உளியால் கொத்துவது இன்னும் மோசம்: அதிர்ச்சியில், நன்றாக ஒட்டியிருக்கும் பழைய டைலும் அடியில் விட்டுப்போகும். கிரைண்டரில் மேல்பளபளப்பை மட்டும் தேய்த்து எடுத்துத் தூசியைத் துடையுங்கள். அப்புறம் டைல் மேல் டைல் ஒட்டுவதற்கென்றே வரும் பசை. பல் வைத்த கரண்டியால் தரையில் இழுத்து, புது டைலின் முதுகிலும் மெல்லியதாகப் பூசுங்கள். முதல் இரண்டு டைல்களை ஒட்டியவுடன் ஒன்றைப் பெயர்த்துப் பாருங்கள். முதுகில் வெற்றிடம் தெரிந்தால் பசை போதவில்லை.

மணல்மேடு: கிரைண்டர் தேவையே இல்லை. வீடு முழுக்கத் தூசி. மணல் கலந்த பிரைமர் அடித்தால் சொரசொரப்பு தானாக வந்துவிடும்.

கரண்டிப்பிடி: வரும். ஆனால் பழைய மெழுகு, சோப்புப் படலம் அடியில் இருந்தால் பிரைமர் அதைத்தான் பிடிக்கும், டைலை அல்ல. தண்ணீர் தெளித்துப் பாருங்கள், முத்து முத்தாக நின்றால் இன்னும் படலம் இருக்கிறது.

மணல்மேடு: நன்றாகக் கழுவிவிட்டுத்தானே அடிப்போம்! நான் இன்னும் பிரைமர் பக்கம்தான்.

நீரோட்டம்: ஐயா, நான் குளியலறையில் இப்படிச் செய்து மாட்டிக்கொண்டேன். தரை ஏறியதில், ஹாலை விடத் தாழ்வாக இருந்த குளியலறை கிட்டத்தட்டச் சமமாகிவிட்டது, தண்ணீர் வெளியே வருகிறது. உடைப்பதே மேல்.

கரண்டிப்பிடி: அவர் குளியலறையைக் கேட்கவில்லை. இங்கே ஏறுவது ஹால், குளியலறை இன்னும் பள்ளமாகத்தான் தெரியும். வழியில் தடுக்காதபடி ஓரத்தை முடித்தால் போதும்.

சரி, கதவு. டைல் 9, பசை சுமார் 4, மொத்தம் 13 மி.மீ. ஏற்றம். இப்போதுள்ள 6 போக, கதவு 7 மி.மீ. தரைக்குள் மாட்டும். ஆனால் மூடிய நிலையில் அளந்தது போதாது. கதவை முழுக்கத் திறந்து, அது சுற்றும் வழியெல்லாம் சந்தைப் பாருங்கள்.

ஜன்னலோரம்: பார்த்தேன். முழுக்கத் திறந்தால் 3 மி.மீ. தான் இருக்கிறது!

கரண்டிப்பிடி: தரை அந்தப் பக்கம் மேடு. அப்போது 13 அறுத்தால் அங்கே அதே 3 தான் மிஞ்சும். 5 வேண்டுமென்றால் 15 அறுக்க வேண்டும். உள்ளே கூடான கதவாக இருந்தால், அடிக்கட்டையின் அகலத்தை முதலில் பாருங்கள், அதைத் தாண்டி அறுத்தால் கதவின் உள்கூடு அடியில் வெளியே தெரியும். டைல் ஒட்டி முடித்து மறுபடி அளந்த பிறகே அறுங்கள்.

இழைப்புளி: அறுக்கவே வேண்டாம், கீல்களை மேலே ஏற்றி மாட்டலாமே? நான் அப்படித்தான் செய்வேன்.

கரண்டிப்பிடி: மேலே சட்டத்துக்கும் கதவுக்கும் நடுவில் 15 மி.மீ. சந்து இருக்கிறதா? இல்லாவிட்டால் மேல்பக்கம் அறுக்க வேண்டும். பூட்டுக் குழியும் மாறும்.

இழைப்புளி: குழியை மாற்ற அரை மணி நேரம். அடிக்கட்டை பத்திரமாக இருக்கும்.

ஜன்னலோரம்: இன்னொன்று. மரக்கட்டையால் எல்லா டைலையும் தட்டிப் பார்த்தேன். 64ல் 11 டைல் டொப் டொப் என்று ஒலிக்கிறது. அதில் 9 ஜன்னல் பக்கம் ஒரே வரிசை.

கரண்டிப்பிடி: அங்கங்கே இரண்டு மூன்று என்றால் அவற்றை மட்டும் எடுத்துக் குழியை அடைத்துவிடலாம். ஒரே வரிசையாக இருப்பதுதான் உறுத்துகிறது. ஜன்னல் வழியே மழைத்தண்ணீர் இறங்கியிருக்கலாம். ஒன்றைப் பெயர்த்து, அடியில் ஈரமா, கலவை பொடியாக உதிர்கிறதா என்று பாருங்கள். ஈரமென்றால் மேலே எந்தப் பசையும் வேலைக்கு ஆகாது.

ஜன்னலோரம்: நாளை காலை ஒன்றைக் கழற்றுகிறேன்.

பழையவீடு: கழற்றும்போது உடையும், நான் சொன்னேன் என்று நினைவில் வையுங்கள்!