0.02 பஞ்சாயத்து: எம்.சி. ரோடு கடைக்கு எந்த ஸ்வாப் மாடல்?

தண்டை தங்கம்
போட்டோவில் இருப்பவருக்கு வேறு சட்டை மாட்டிக் காட்டும் ஸ்வாப் மாடல்களில் துணிக்கடைக்கு எது என்று இனி யாரும் கேட்க வேண்டாம். இதற்கென்றே இருக்கும் VITON-HD டெஸ்ட் செட்டின் 2,032 படங்களிலும் பேச்சில் இருக்கும் இரண்டு மாடலையும் ஓட்டிவிட்டேன். அசல் படத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்க்கும் எஸ்எஸ்ஐஎம் கூடினால் நல்லது, படங்கள் எவ்வளவு இயல்பு என்று பார்க்கும் எஃப்ஐடி குறைந்தால் நல்லது. முதல் மாடல்: எஸ்எஸ்ஐஎம் 0.89, எஃப்ஐடி 9.6. இரண்டாவது: 0.87, 9.9. இரண்டு ஸ்கோரிலும் முதல் மாடல்தான் மேலே. பேச்சு முடிந்தது.

கல்மண்டபத்தான்
முடியவில்லை தம்பி, இப்போதுதான் ஆரம்பம். சட்டையை மாற்றி வரைய மறைத்துவைக்கும் இடம்தான் மாஸ்க். முதல் மாடல் அந்த மாஸ்க்குக்கு வெளியே இருப்பதை, அதாவது முகம், பேன்ட், பின்னால் இருக்கும் வெள்ளைச் சுவர் எல்லாவற்றையும், அசல் போட்டோவிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டிக்கொள்கிறதா இல்லையா? இதற்கு மட்டும் பதில் சொல்.

தண்டை தங்கம்
ஒட்டினால் என்ன? ரிசல்ட் நன்றாக வருகிறது. 0.89 பெரிதா, 0.87 பெரிதா? மூன்றாம் வகுப்புக் கணக்கு அண்ணே.

கல்மண்டபத்தான்
சரி, மூன்றாம் வகுப்புக் கணக்கே போடுவோம். எஸ்எஸ்ஐஎம் என்பது படம் முழுக்க ஒரு சின்ன ஜன்னலை நகர்த்தி, ஒவ்வொரு இடத்திலும் கிடைத்த மார்க்கைச் சராசரி எடுப்பது. படத்தில் துணி மூன்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள். முதல் மாடல் மீதி இரண்டு பங்கை ஒட்டிவிட்டது, அதனால் அங்கே முழு 1. மொத்தம் 0.89 வர வேண்டுமானால் துணிக்குள் எவ்வளவு? 0.67. இரண்டாவது மாடல் ஒட்டுவதில்லை, முழுப் படத்தையும் தானே வரைகிறது. சுவரிலும் முகத்திலும் கொஞ்சம் மழுங்கி 0.97 வாங்குகிறது என்று வை. மொத்தம் 0.87 என்றால் துணிக்குள் எவ்வளவு? அதே 0.67. நீ பீற்றிக்கொள்ளும் 0.02 முழுக்கச் சுவருக்குக் கிடைத்த மார்க். கடைக்காரர் சுவரா விற்கிறார்?

பெரம்பூர் லோகோ
இவ்வளவு கணக்கே தேவையில்லை. எஸ்எஸ்ஐஎம்முக்கு நிறமே தெரியாது. அது ஒரு குருட்டு ஸ்கோர்.

கல்மண்டபத்தான்
பாதி சரி லோகோ. படத்தைச் சாம்பலாக மாற்றிவிட்டுப் போட்டால்தான் தெரியாது. சிவப்பு 128, பச்சை 0, நீலம் 0 என்ற மெரூனைச் சாம்பலாக்கினால் சுமார் 38 வரும். 0, 65, 0 என்ற கரும்பச்சையும் அதே 38. மெரூன் கேட்டவருக்குப் பச்சை உடுத்தினாலும் ஸ்கோர் அசையாது. மூன்று நிறத்துக்கும் தனித்தனியாகப் போட்டால் சட்டென்று விழும். தங்கம் எப்படிப் போட்டார் என்று அவரையே கேள்.

தண்டை தங்கம்
எப்படிப் போட்டாலும் இரண்டு மாடலுக்கும் ஒரே மாதிரிதான் போட்டேன். வித்தியாசம் 0.02. அது மாறாது.

எண்ணூர் எக்ஸ்பிரஸ்
என் சித்தப்பா மகன் கல்யாண ஆல்பத்தில் இதைச் செய்து பார்த்தார்கள். மாப்பிள்ளை கண்ணை மூடிய படத்தில் வேறு படத்து முகத்தை வைத்தார்கள். அப்பா முகம் போல வந்துவிட்டது. எந்த மாடல் வாங்கினால் இது வராது?

பெரம்பூர் லோகோ
தலைவரே, இங்கே பேச்சு சட்டையைப் பற்றி. முகத்தை இல்லை.

எண்ணூர் எக்ஸ்பிரஸ்
ஸ்வாப் என்றுதானே தலைப்பில் இருக்கிறது? பெரம்பூர்க்காரர்களுக்கு எப்போதும் இந்தத் தெனாவட்டு.

எம்சி ரோடு ஜவுளி
தம்பிகளா, நான் நடத்துவது புடவைக்கடை. மெஷின் போடும் மார்க் எனக்கு எதற்கு? பார்டர் நேராக விழுமா, முந்தானை தோளில் நிற்குமா, அதைச் சொல்லுங்கள்.

கல்மண்டபத்தான்
அண்ணாச்சி, அந்த டெஸ்ட் செட்டில் புடவையே கிடையாது. ஸ்டூடியோவில் நேராக நின்ற பெண்கள், இடுப்புக்கு மேலே போடும் டாப்ஸ், அவ்வளவுதான். பார்டரைப் பற்றி அதில் ஒரு மார்க்கும் இல்லை.

அதைவிட மோசம் ஒன்று இருக்கிறது. எஸ்எஸ்ஐஎம் போட ஒப்பிட்டுப் பார்க்க ஒரு சரியான விடை வேண்டும். அதனால் அந்தப் பெண் போட்டிருக்கும் அதே சட்டையை அவருக்கே திரும்பப் போட்டுப் பார்த்துத்தான் மார்க் தருகிறார்கள். கடைக்கு வருகிறவர் தான் போட்டிருப்பதையா திரும்பப் போட்டுப் பார்ப்பார்? வேறு சட்டை மாட்டினால் ஒப்பிட அசல் படம் இல்லை. அங்கே எஃப்ஐடி மட்டும்தான் மிஞ்சும்.

தண்டை தங்கம்
எஃப்ஐடியிலும் முதல் மாடல்தான் ஜெயித்தது. 9.6. அதை ஏன் விழுங்கிவிட்டீர்கள்?

கல்மண்டபத்தான்
அதற்குத்தான் வருகிறேன். எஃப்ஐடி ஒரு படத்தை இன்னொரு படத்தோடு ஒப்பிடுவதில்லை. இந்தக் கூட்டம் அந்தக் கூட்டம் போல இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். யாருக்கு எந்தச் சட்டை கேட்டோம் என்பது அதற்குத் தெரியவே தெரியாது. நீ ஒப்பிட்ட அசல் கூட்டம் எது? அதே 2,032 பேரின் போட்டோதானே? அப்படியானால் நான் ஒரு மாடல் தருகிறேன். உள்ளே வந்த போட்டோவை, சட்டையை மாற்றாமல், அப்படியே திருப்பித் தரும். எஃப்ஐடி 0. எஸ்எஸ்ஐஎம் 1. உன் இரண்டு மாடலையும் அடித்துவிடும். வேலை மட்டும் எதுவும் செய்யாது.

தண்டை தங்கம்
அப்படி யாராவது மாடல் செய்வார்களா? வாதத்துக்காக எதையாவது உளறக்கூடாது.

கல்மண்டபத்தான்
முழுசாகச் செய்ய மாட்டார்கள், கால்வாசி செய்வார்கள். மாஸ்க்கைச் சட்டை ஓரத்தோடு இறுக்கமாக வெட்டினால் பழைய கையின் உருவம் மாஸ்க்கிலேயே தெரிந்துவிடும். முழுக்கை கேட்டால் அரைக்கை வரும். படம் பார்க்க இயல்பாக இருக்கும், எஃப்ஐடிக்கும் குறை தெரியாது. கேட்ட சட்டையா என்று பார்க்கக் கண்தான் வேண்டும். அரைக்கைப் பெண்ணுக்கு முழுக்கை, கோடுபோட்ட சட்டைக்குக் கட்டம், இப்படி 50 ஜோடி பொறுக்கி எடுத்து, எந்த மாடல் என்று சொல்லாமல் அண்ணாச்சி கடையில் நான்கு பேரிடம் காட்டு.

முதலில் இதை ஓட்டு. a அசல் படம், b மாடல் வரைந்த படம், mask துணி இருக்கும் இடம். துணிக்குள் மட்டும் எவ்வளவு என்று சொல்லும்:

```python
from skimage.metrics import structural_similarity
s, m = structural_similarity(a, b, channel_axis=2,
                             data_range=255, full=True)
print(m[mask.astype(bool)].mean())
```

தண்டை தங்கம்
எனக்குக் கோடிங் சொல்லித்தர வேண்டாம். கேரம் போட்டியில் ஸ்டிரைக்கர் குழிக்குள் போனதை இல்லவே இல்லை என்று சாதித்தவர்தானே நீங்கள்?

கல்மண்டபத்தான்
அது குழி விளிம்பில் நின்றது. பார்த்த சாட்சி இருக்கிறது.

பெரம்பூர் லோகோ
நான் பார்த்தேன், உள்ளேதான் போனது. ஆனால் எஸ்எஸ்ஐஎம் குருடு என்று நான் சொன்னதில் மாற்றம் இல்லை.

கல்மண்டபத்தான்
நிறத்தை விட்டுத்தள்ளு லோகோ, கட்டத்தைப் பார். கட்டம்போட்ட துணியில் கட்டம் பாதி தள்ளி விழுந்தால் கண்ணுக்குக் குறையே தெரியாது, எஸ்எஸ்ஐஎம் அடித்து நொறுக்கும். கட்டத்தை மழுக்கிச் சாயம் போன லுங்கி போல ஆக்கினால் அதைவிட அதிக மார்க் தரும். குருடு இல்லை அது, தப்பான இடத்தில் கறார்.

தண்டை தங்கம்
துணிக்குள் மட்டும் ஓட்டினேன். முதல் மாடல் 0.68, இரண்டாவது 0.69. இது மாஸ்க் சரியாக இல்லாததால் வந்தது. முழுப் படத்தில் 0.02 அப்படியேதான் இருக்கிறது.

கல்மண்டபத்தான்
எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள். அவர் கையாலேயே போட்டிருக்கிறார்.

தண்டை தங்கம்
0.01 எல்லாம் ஒரு வித்தியாசமா?

பெரம்பூர் லோகோ
0.02 மட்டும் வித்தியாசமோ?

எண்ணூர் எக்ஸ்பிரஸ்
முகத்துக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

எம்சி ரோடு ஜவுளி
ஆடித் தள்ளுபடிக்குள் சொல்வீர்களா, இல்லை பொம்மைக்கே கட்டி வைக்கட்டுமா?