பழைய வினாத்தாளில் வந்த மார்க்கைப் பார்த்து நோட்ஸ் பக்கங்களைப் பிரிக்கலாமா?

மழைத்துளி: உடலியங்கியல் பேப்பர். எட்டு யூனிட், எல்லாக் கேள்வியும் கட்டாயம், சாய்ஸ் கிடையாது. கடைசி நேரத்தில் புரட்ட மொத்தம் 40 பக்கத்துக்குள் சுருக்கம் எழுதப்போகிறேன். ஐந்து வருடத் தாள்களில், அதாவது 500 மார்க்கில், எந்த யூனிட்டில் எவ்வளவு வந்திருக்கிறது என்று கூட்டினேன். இதயமும் ரத்த ஓட்டமும் 115, நரம்பு 95, சிறுநீரகம் 80, சுவாசம் 70, ஹார்மோன் 60, செரிமானம் 40, தசை 30, செல் சவ்வு 10. இதே விகிதத்தில் பிரித்தால் இதயத்துக்கு 9 பக்கத்துக்கு மேல் போகிறது, செல் சவ்வுக்கு ஒரு பக்கம்கூட வரவில்லை. இப்படியே எழுதிவிடலாமா?

வேகநடை: தாராளமாக எழுதுங்கள். இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள்: போன வருடம் வந்த கேள்வி இந்த வருடம் வராது. மூன்று வருடமாக வராத பகுதி இந்த முறை கண்டிப்பாக வரும். நான் அப்படிப் பார்த்துத்தான் ரெண்டு பேப்பர் தேறினேன்.

கணக்குப்பிள்ளை: வேகநடை, முதல் பாதியில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. தாள் எடுப்பவர் போன வருடத் தாளை முன்னால் வைத்துக்கொண்டுதான் எடுப்பார், அதே கேள்வியை அப்படியே திருப்பிப் போடத் தயங்குவார். ஆனால் அவர் மாற்றுவது கேள்வியைத்தான், யூனிட்டை அல்ல. போன வருடம் இதயச் சுழற்சி வந்திருந்தால் இந்த வருடம் ரத்த அழுத்தக் கட்டுப்பாடு வரும், ரெண்டுமே இதய யூனிட்தான். "வராதது இந்த முறை வரும்" என்பதற்கு மட்டும் ஆதாரமே இல்லை. மூன்று வருடமாக வராததற்கு, அதைக் கேட்பதில் அவர்களுக்கு ஆர்வமில்லை என்பதும் காரணமாக இருக்கலாமே.

மழைத்துளி, நீங்கள் மார்க்கைக் கூட்டியது நல்ல வேலை. நிறையப் பேர் கேள்விகளைத்தான் எண்ணுவார்கள், அதில் 2 மார்க் கேள்வியும் 20 மார்க் கேள்வியும் ஒன்றாகிவிடும். இடறும் இடம் வேறு. ஒரு கேள்வியை யூனிட் தலைப்பைப் பார்த்து ஒரே யூனிட்டின் கணக்கில் போட்டுவிட்டீர்கள். "சிறுநீரக நுண்குழலில் குளுக்கோஸ் எப்படி மீள உறிஞ்சப்படுகிறது?" என்று 10 மார்க் கேள்வி வந்தால் அதைச் சிறுநீரகத்தில்தான் எழுதியிருப்பீர்கள். விடையை எழுதிப் பாருங்கள். சோடியம் செல்லுக்குள் இறங்கும்போது குளுக்கோஸையும் கூடவே இழுத்துக்கொண்டு வருகிறது. அந்தச் சோடியத்தைச் செல்லின் மறுபக்கம் வழியாக ஒரு பம்ப் வெளியேற்றிக்கொண்டே இருப்பதால்தான் இது ஓயாமல் நடக்கிறது. மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே எடுக்கும் அதே பம்ப். இதெல்லாம் செல் சவ்வுப் பாடம். அந்தப் பத்தில் மூன்று நான்கு மார்க் அங்கிருந்துதான் வருகிறது.

அதனால் ஒவ்வொரு கேள்விக்கும் "இதை எழுத எது தெரிந்திருக்க வேண்டும்?" என்று கேட்டு மார்க்கைப் பிரித்துப் போடுங்கள். நரம்பு, சிறுநீரகம், தசை மூன்றிலிருந்தும் செல் சவ்வுக்கு மார்க் வந்து சேரும்.

முழுப்பாடம்: நான் பல வருடம் பாடம் நடத்தியவன், தாளும் எடுத்திருக்கிறேன். இந்தக் கணக்கின் அடிப்படையே தவறு என்பேன். மார்க் அதிகமாக வரும் பகுதிக்கு அதிகப் பக்கம் எதற்கு? இதயச் சுழற்சி 20 மார்க்குக்கு வரும். அதைச் சுருக்க அழுத்தம், கன அளவு, இதய ஒலி மூன்றும் ஒன்றன் கீழ் ஒன்றாக இருக்கிற ஒரு வரைபடம் போதும், ஒரே பக்கம். ஹார்மோன் யூனிட்டில் எது எங்கே சுரக்கிறது, எது எதைத் தடுக்கிறது என்று தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியது நிறைய. 10 மார்க்குக்கே மூன்று பக்கம் பிடிக்கும். பக்கம் மறதிக்கு ஏற்றபடி போக வேண்டும் தம்பி, மார்க்குக்கு ஏற்றபடி அல்ல.

கணக்குப்பிள்ளை: ஐயா சொல்வது சரி, ஆனால் பாதிதான் ஏற்கிறேன். எந்தப் பகுதிக்கு நேரம் கொடுப்பது என்பதை மார்க் சொல்லும். அந்த நேரம் பக்கமாக மாறுமா பயிற்சியாக மாறுமா என்பது பாடத்தின் தன்மையைப் பொறுத்தது. ஆனால் மறதியை மட்டும் பார்த்தால், பிடிக்காத யூனிட்டுக்குப் பக்கம் பக்கமாக எழுதி, வருடாவருடம் வரும் பகுதியை "தெரியும்" என்று விட்டுவிடுவோம். நான் அப்படி விட்டு ஒரு தடவை அடிபட்டிருக்கிறேன்.

வெள்ளைக்குடை: எனக்கு நர்சிங் தேர்வு. 150 கேள்வி, எல்லாம் நாலு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. பழைய தாள் பார்த்தேன், ஒவ்வொரு யூனிட்டிலும் ஏறக்குறைய சமமாகத்தான் வருகிறது. அப்போ இந்த முறை எனக்கு வேலைக்கே ஆகாதா?

கணக்குப்பிள்ளை: யூனிட் வாரியாக எண்ணினால் உங்களுக்கு ஒன்றும் கிடைக்காது சகோதரி. யூனிட்டுக்குள் இறங்கி, எந்த வகைக் கேள்வி என்று எண்ணிப் பாருங்கள். மருந்தின் அளவுக் கணக்கா, அறிகுறியா, முதலில் என்ன செய்வது என்பதா? அங்கே ஏற்றத்தாழ்வு தெரியலாம். தெரியாவிட்டால் எல்லாவற்றுக்கும் சமமாகவே எழுதுங்கள், அதுவும் ஒரு பதில்தான்.

மழைத்துளி: மூன்று நாள் உட்கார்ந்து மறுபடி பிரித்தேன். செல் சவ்வுக்கு நரம்பிலிருந்து 20, சிறுநீரகத்திலிருந்து 15, தசையிலிருந்து 5, இதயத்திலிருந்து 5 வந்து, 10 என்று இருந்தது 55 ஆகிவிட்டது! இதயம் 110. இப்போது நேராக விகிதத்தில் பிரிக்கலாமா?

கணக்குப்பிள்ளை: முழுவதையும் விகிதத்தில் விடாதீர்கள். ஐந்து தாள் என்பது சின்ன எண்ணிக்கை. உங்கள் பட்டியலில் ஹார்மோன் 60, செரிமானம் 40. வித்தியாசம் ஒரே ஒரு 20 மார்க் கேள்வி. ஒரு வருடம் அது இடம் மாறியிருந்தால் வரிசையே தலைகீழாகியிருக்கும். அதனால் ஒவ்வொரு யூனிட்டுக்கும் முதலில் 2 பக்கம் ஒதுக்கிவிடுங்கள், 16 போயிற்று. மீதி 24 பக்கத்தை மட்டும் மார்க் விகிதத்தில் பிரியுங்கள். இதயத்துக்கு 24-ல் 5 பக்கத்துக்குச் சற்று மேல், ஆக மொத்தம் 7 சொச்சம். செல் சவ்வுக்கு நாலரைப் பக்கம். இதற்கு மேல் துல்லியம் பார்ப்பது வீண். சிலபஸ் நடுவில் மாறியிருந்தால் மாற்றத்துக்கு முந்தைய தாள்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள், அவை பயிற்சிக்கு மட்டும்.

வேகநடை: இவ்வளவு கணக்குப் போடும் நேரத்தில் ரெண்டு யூனிட் படித்திருக்கலாம்.

கணக்குப்பிள்ளை: அதனால்தான் சோதித்துப் பார்க்கச் சொல்கிறேன். எண்ணாத ஒரு தாளை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு நோட்ஸை மட்டும் வைத்து விடை எழுதுங்கள். எங்கே நோட்ஸ் கைவிட்டது என்று மார்க் மார்க்காகக் குறியுங்கள்.

மழைத்துளி: ஒரு சீனியரிடம் நான் இதுவரை பார்க்காத தாள் ஒன்று கிடைத்தது. முதல் வரைவு நோட்ஸில் 61 மார்க்குக்குத்தான் எழுத முடிந்தது. அதில் "ரத்தத்தில் குளுக்கோஸ் 180-ஐத் தாண்டினால் சிறுநீரில் வரும்" என்று ஒரே வரி. ஏன் என்று கேட்டார்கள், நின்றுவிட்டேன். கடத்தும் புரதங்கள் நிரம்பிவிடுவதால் என்று இரண்டாவது வரைவில் இருந்தது. அதை வைத்து 74 வந்தது.

முழுப்பாடம்: முதல் தடவை எழுதும்போதே அந்தக் கேள்விகளைப் பார்த்துவிட்டாயே அம்மா. 74-ல் எவ்வளவு நோட்ஸால் வந்தது, எவ்வளவு அந்தத் தாளை ஏற்கனவே பார்த்ததால் வந்தது?

மழைத்துளி: அதை நான் யோசிக்கவில்லை ஐயா. இன்னொரு தாள் தேடுகிறேன். விட்டுப்போன 26-ல் பதினைந்து ஹார்மோன் யூனிட்டில்தான் போயிற்று. நீங்கள் சொன்ன மூன்று பக்கத்தை அதற்குக் கூட்டிப் பார்க்கிறேன், இதயத்திலிருந்து எடுத்து.